55-ஆம் முகவரிக்கு என்ன நேர்ந்தது?

சேரப்பணஞ்சேரி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளில் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடம் நடத்துகிறவர்கள் எல்லோரும் கரும்பலகையில் ஒரு முறையாவது பேஜ் டேபிள் வரைந்திருப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் நினைவக மேலாண்மை ஒரு தனி அலகு. மாணவர்கள் அந்த அட்டவணையைப் பார்த்து முகவரியைக் கணக்கிட வெகு சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். வகு, மீதி எடு, பெருக்கு, கூட்டு, அவ்வளவுதான். தேர்வில் அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்தக் கணக்கு பாடத்தின் எளிய பாதி. கேட்ட பக்கம் நினைவகத்தில் இல்லாதபோது இயந்திரம் என்ன செய்கிறது என்பதுதான் மற்ற பாதி. மெய்நிகர் நினைவகம் என்று நாம் அழைப்பது அந்த இரண்டாவது பாதியைத்தான். இங்கே இரண்டையும் ஒரே சிறிய எடுத்துக்காட்டில் படிப்படியாகப் பார்க்கலாம். பக்கத்தில் தாளும் பென்சிலும் இருக்கட்டும்.

முதலில் ஒரு குட்டிக் கணினியை வைத்துக்கொள்வோம். இதில் நினைவகம் மொத்தமே 64 பைட். அதை 16 பைட் அளவில் 4 துண்டுகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு துண்டும் ஒரு ஃபிரேம். ஃபிரேம் 0 ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கே போய்விட்டது. கெர்னல் குடியிருக்கும் இடம் அது. நிரலுக்கு மிஞ்சியவை 1, 2, 3 ஆகிய மூன்று ஃபிரேம்கள்.

நிரலோ தன்னிடம் 128 பைட் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதப்பட்டிருக்கிறது. அதன் முகவரிகள் 0 முதல் 127 வரை. இவற்றை மெய்நிகர் முகவரிகள் என்கிறோம். இவற்றையும் 16 பைட் அளவில் வெட்டினால் 8 பக்கங்கள் வரும். இடம் மூன்று பக்கத்துக்குத்தான். நிரல் உண்மையில் பயன்படுத்துவது ஐந்து பக்கங்கள்: 0, 1 இரண்டிலும் கட்டளைகள், 2, 3 இரண்டிலும் தரவு, 7-இல் ஸ்டாக். 4, 5, 6 ஆகிய பக்கங்களை நிரல் கேட்கவே இல்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. இந்த நிரலுக்காகக் கெர்னல் வைத்திருக்கும் பேஜ் டேபிள் இப்போது இப்படி இருக்கிறது:

| பக்கம் | உள்ளதா | ஃபிரேம் | அனுமதி | மாறியதா |
|---|---|---|---|---|
| 0 | 1 | 2 | படிக்க, இயக்க | 0 |
| 1 | 0 | டிஸ்கில் | படிக்க, இயக்க | 0 |
| 2 | 1 | 1 | படிக்க, எழுத | 0 |
| 3 | 0 | டிஸ்கில் | படிக்க, எழுத | 0 |
| 4, 5, 6 | 0 | ஒதுக்கப்படவில்லை | எதுவுமில்லை | 0 |
| 7 | 1 | 3 | படிக்க, எழுத | 1 |

‘உள்ளதா’ என்ற நெடுவரிசையில் 1 இருந்தால் அந்தப் பக்கம் இந்த நொடியில் நினைவகத்தில் இருக்கிறது. ‘மாறியதா’ என்பதில் 1 இருந்தால், நினைவகத்துக்குக் கொண்டுவந்த பிறகு யாரோ அதில் எழுதியிருக்கிறார்கள். டிஸ்கில் உள்ள பிரதி பழையதாகிவிட்டது.

நிரல் ஓடத் தொடங்குகிறது. ஒரு கட்டளைக்கு 4 பைட் என்று கொள்வோம். நாம் கவனிக்கப்போவது 4, 8, 12 ஆகிய முகவரிகளில் அடுத்தடுத்து உள்ள மூன்று கட்டளைகளை. மூன்றும் பக்கம் 0-க்குள் அடங்குகின்றன.

4-இல் உள்ள கட்டளை, 42-ஆம் முகவரியில் ஒரு மதிப்பை எழுதச் சொல்கிறது. செயலி முதலில் கட்டளையையே நினைவகத்திலிருந்து எடுத்துவர வேண்டும். கட்டளைக்கும் முகவரி மாற்றம் உண்டு என்பதை மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். 4-ஐ 16-ஆல் வகுத்தால் ஈவு 0, மீதி 4. பக்கம் 0 இருப்பது ஃபிரேம் 2-இல். எனவே உண்மையான இடம் 2 × 16 + 4, அதாவது 36. அங்கிருந்து கட்டளை வந்துவிட்டது. அடுத்து அது கேட்கும் 42. ஈவு 2, மீதி 10. பக்கம் 2 இருப்பது ஃபிரேம் 1-இல். 1 × 16 + 10 = 26. எழுத அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, 26-ஆம் பைட்டில் மதிப்பு எழுதப்படுகிறது. கூடவே பக்கம் 2-இன் ‘மாறியதா’ 1 ஆகிறது.

செயலி உண்மையில் எதையும் வகுப்பதில்லை. 16 என்பது 2-இன் அடுக்கு. 42-ஐ இரும எண்ணாக 7 பிட்டில் எழுதினால் `0101010`. முதல் மூன்று பிட் `010`, அது பக்க எண் 2. கடைசி நான்கு பிட் `1010`, அது பக்கத்துக்குள் 10-ஆவது பைட். முதல் மூன்று பிட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃபிரேம் எண்ணான `01`-ஐ வைத்தால் `011010`, அதாவது 26. கடைசி நான்கு பிட்டை யாரும் தொடுவதே இல்லை. பக்க அளவு எப்போதும் 2-இன் அடுக்காக இருப்பதற்குக் காரணம் இதுதான்: இந்த வேலைக்கு வகுத்தல் சுற்று வேண்டாம், கம்பிகளைப் பிரித்து இணைத்தாலே போதும்.

8-இல் உள்ள கட்டளை, ஸ்டாக்கில் 120-ஆம் முகவரியைப் படிக்கிறது. ஈவு 7, மீதி 8, ஃபிரேம் 3, உண்மை முகவரி 56. சிக்கல் ஏதுமில்லை.

12-இல் உள்ள கட்டளை 55-ஆம் முகவரியைப் படிக்கச் சொல்கிறது. கட்டளை உண்மை முகவரி 44-இலிருந்து வந்துவிட்டது. 55-க்கு ஈவு 3, மீதி 7. பக்கம் 3-இன் வரிசையைப் பார்த்தால் ‘உள்ளதா’ 0.

இங்கேதான் நிதானிக்க வேண்டும். இனி நடப்பவை எல்லாம் சரியான வரிசையில் நடந்தாக வேண்டும்.

செயலி அந்தக் கட்டளையைப் பாதியில் விடுகிறது. எந்தப் பதிவகமும் மாறியிருக்கக் கூடாது. கட்டளை தொடங்கவே இல்லை என்பது போன்ற நிலைக்கு எல்லாம் திரும்பிவிட வேண்டும். பிறகு மூன்று செய்திகளைக் குறித்து வைக்கிறது: எந்தக் கட்டளை நின்றது, எந்த முகவரியைக் கேட்டது, எதற்காகக் கேட்டது. ரிஸ்க்-ஃபைவ் செயலிகளில் இதற்கு மூன்று பதிவகங்கள் உண்டு. நம் எடுத்துக்காட்டில் `sepc`-இல் 12 இருக்கும், `stval`-இல் 55 இருக்கும், `scause`-இல் 13 இருக்கும். 13 என்றால் படிக்கப் போய் ஏற்பட்ட பேஜ் ஃபால்ட். எழுதப் போயிருந்தால் 15, கட்டளையை எடுக்கப் போயிருந்தால் 12. இவற்றைக் குறித்துவிட்டுச் செயலி கெர்னலுக்குள் தாவுகிறது. வன்பொருளின் வேலை அத்துடன் முடிந்தது.

கெர்னலின் முதல் கேள்வி: 55 இந்த நிரலுக்கு உரிய முகவரிதானா? பக்கம் 3 தரவுப் பக்கம், டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது. உரியதுதான். ஒருவேளை நிரல் 70-ஐக் கேட்டிருந்தால் அது பக்கம் 4. அங்கேயும் ‘உள்ளதா’ 0-தான். செயலிக்கு இரண்டு நிகழ்வும் ஒரே மாதிரி தெரியும். வித்தியாசம் கெர்னலின் பதிவுகளில்தான் இருக்கிறது. லினக்ஸில் ஒரு நிரலுக்கு எந்தெந்த முகவரி வரம்புகள் உரியவை என்ற பட்டியலை `/proc/self/maps` கோப்பில் நீங்களே படிக்கலாம். அந்தப் பட்டியலில் இல்லாத இடத்தைத் தொட்டால், சி நிரல் எழுதும் ஒவ்வொரு மாணவரும் திரையில் பார்த்திருக்கும் `Segmentation fault` வரும். பக்கம் 0-இல் எழுத முயன்றாலும் அதே செய்திதான். பக்கம் உள்ளே இருந்தும் அனுமதி இல்லை. ஆக, ஒரே பேஜ் ஃபால்ட் ஒரு நிரலைக் கொல்லவும் செய்யும், இன்னொரு நிரலை அதற்கே தெரியாமல் பிழைக்கவும் வைக்கும்.

அடுத்த கேள்வி: பக்கம் 3-ஐ எங்கே வைப்பது? மூன்று ஃபிரேமும் நிரம்பியிருக்கின்றன. ஒருவர் வெளியேற வேண்டும். மிக நீண்ட நேரமாகத் தொடப்படாத பக்கம் எது என்று பார்ப்போம். பக்கம் 0-ஐ இதோ இப்போதுதான் கட்டளை எடுக்கத் தொட்டோம். பக்கம் 7-ஐ முந்தைய கட்டளையில் தொட்டோம். பக்கம் 2 அதற்கும் முன்னால். எனவே பக்கம் 2 போகட்டும்.

போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பக்கம் 2 மாறியிருக்கிறது, 42-இல் எழுதினோமே. அப்படியே ஃபிரேமைக் காலி செய்தால் அந்த மதிப்பு காணாமல் போகும். எனவே டிஸ்கில் எழுத வேண்டும். இதிலும் வரிசை முக்கியம். முதலில் பேஜ் டேபிளில் பக்கம் 2-இன் ‘உள்ளதா’ 0 ஆக வேண்டும், அதன் பிறகே டிஸ்கில் எழுதத் தொடங்க வேண்டும். தலைகீழாகச் செய்தால், எழுதிக்கொண்டிருக்கும் இடைவெளியில் அதே நிரலின் இன்னொரு த்ரெட் வேறொரு செயலியில் ஓடிக்கொண்டு அந்தப் பக்கத்தை மாற்றிவிடலாம். அந்த மாற்றம் டிஸ்குக்கும் போகாது, நினைவகத்திலும் தங்காது. மாணவர்கள் எழுதும் கெர்னல் பயிற்சிகளில் இந்தப் பிழை நூறு முறை ஓட்டினால் ஒரு முறைதான் தலைகாட்டும். அதனால்தான் கண்டுபிடிப்பது கடினம்.

பக்கம் 2 டிஸ்குக்குப் போனதும், பக்கம் 3-ஐ ஃபிரேம் 1-க்குள் படிக்க உத்தரவு போகிறது. செயலியின் கணக்கில் டிஸ்க் மிக மெதுவானது. அதற்காகக் கெர்னல் காத்திருப்பதில்லை. இந்த நிரலை உறங்கவிட்டு வேறொரு நிரலை ஓட விடுகிறது. பக்கம் வந்து சேர்ந்துவிட்டது என்று டிஸ்க் குறுக்கீடு கொடுத்ததும் அட்டவணை திருத்தப்படுகிறது. மாறிய இரண்டு வரிசைகள் இப்போது இப்படி:

| பக்கம் | உள்ளதா | ஃபிரேம் | அனுமதி | மாறியதா |
|---|---|---|---|---|
| 2 | 0 | டிஸ்கில் | படிக்க, எழுத | 0 |
| 3 | 1 | 1 | படிக்க, எழுத | 0 |

கடைசிப் படி: கெர்னல் நிரலுக்குத் திரும்புகிறது. எங்கே? 12-க்கு. 16-க்கு அல்ல. நின்றுபோன அதே கட்டளை முதலிலிருந்து மறுபடி ஓடுகிறது. 12-ஐ எடுக்கிறது, 55-ஐக் கேட்கிறது, ஈவு 3, மீதி 7, இப்போது ஃபிரேம் 1, உண்மை முகவரி 23. மதிப்பு வந்துவிட்டது. நடுவில் எத்தனை மில்லிவினாடி போனது என்பது நிரலுக்குத் தெரியாது. தன் 128 பைட்டும் எப்போதும் தன்னிடமே இருப்பதாக அது தொடர்ந்து நம்பலாம்.

இந்த மறுஓட்டத்தைத்தான் நான் வகுப்பில் இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்பச் செய்து காட்டுவேன். கட்டளையை மறுபடி ஓட்ட முடிவதால்தான் மெய்நிகர் நினைவகமே சாத்தியமாகிறது. பாதி வேலை செய்துவிட்டு நிற்கும் கட்டளை, உதாரணமாக ஒரு பதிவகத்தைக் கூட்டிவிட்டு அதன் பிறகு நினைவகத்தைத் தொடும் கட்டளை, மறுபடி ஓடினால் இரண்டு முறை கூட்டிவிடும். அப்படிப்பட்ட கட்டளைகள் உள்ள செயலியில் வடிவமைப்பாளர்கள் பழைய மதிப்பை மீட்க வழி செய்தாக வேண்டும். 1962-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவின் அட்லஸ் கணினியில் மெய்நிகர் நினைவகம் முதன்முதலில் வேலை செய்தது. 512 சொற்கள் கொண்ட பக்கங்கள், உள்ளே காந்த வளைய நினைவகம், வெளியே சுழலும் டிரம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படைப் படிகள் அதேதான்.

இதே எடுத்துக்காட்டிலிருந்து இன்னொன்றையும் காட்டலாம். வெளியேற்ற வேண்டிய பக்கமாக, நெடுநாள் முன்பே வந்ததென்று கருதி, பக்கம் 0-ஐத் தேர்ந்தெடுத்திருந்தால்? பக்கம் 3 ஃபிரேம் 2-இல் வந்து அமரும். கெர்னல் 12-க்குத் திரும்பும். ஆனால் 12 இருப்பது பக்கம் 0-இல்; அதுதான் இப்போது வெளியே போய்விட்டதே! மறுபடி ஒரு பேஜ் ஃபால்ட், இம்முறை `scause` 12. மூன்று ஃபிரேம் இருப்பதால் வேறொரு பக்கத்தைத் தள்ளிவிட்டு எப்படியோ முன்னேறிவிடலாம். நிரலுக்கு ஒரே ஒரு ஃபிரேம்தான் கொடுத்திருந்தால் கட்டளைப் பக்கம் வந்ததும் தரவுப் பக்கம் போகும், தரவுப் பக்கம் வந்ததும் கட்டளைப் பக்கம் போகும். அந்த ஒரு கட்டளை கடைசிவரை முடியாது. ஒரு நிரலுக்குக் குறைந்தபட்சம் இத்தனை ஃபிரேம் வேண்டும் என்று பாடநூல் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். நம் இயந்திரத்தில் அது 2.

பெரிய அளவில் இதே நிலை வந்தால் அதற்குத் த்ராஷிங் என்று பெயர். பல நிரல்கள் ஒன்றின் ஃபிரேமை மற்றொன்று பிடுங்கிக்கொண்டே இருக்கும். டிஸ்க் விளக்கு அணையாது, வேலை நகராது. பீட்டர் டென்னிங் 1968-இல் இதை ஆராய்ந்து, ஒரு நிரல் அண்மையில் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கங்களின் தொகுதி முழுவதும் உள்ளே இருந்தால்தான் அதை ஓட விட வேண்டும் என்று சொன்னார். லினக்ஸில் இதைக் கண்டுபிடிக்க `vmstat 1` ஓட்டினால் போதும். `si`, `so` என்ற இரண்டு நெடுவரிசைகளும் ஒருசேர, வினாடிக்கு வினாடி பெரிய எண்களாக வந்துகொண்டே இருந்தால் த்ராஷிங். `so` மட்டும் எப்போதாவது எட்டிப் பார்த்தால் கவலை வேண்டாம். நெடுநேரம் தொடாத பக்கங்களைக் கெர்னல் ஒதுக்கி வைக்கிறது.

எவ்வளவு அரிதாக நடந்தால் தாங்கும்? நினைவகத்தை ஒருமுறை தொட 100 நானோவினாடி என்றும், ஒரு பேஜ் ஃபால்ட்டை எஸ்எஸ்டியிலிருந்து தீர்க்க 100 மைக்ரோவினாடி என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே 1000 மடங்கு. ஆயிரம் தொடுதலுக்கு ஒரு ஃபால்ட் வந்தால், அந்த ஒன்றே மற்ற 999-க்குச் சமமான நேரத்தைத் தின்றுவிடும். நிரலின் வேகம் பாதியாகும். சுழலும் ஹார்ட் டிஸ்கில் 10 மில்லிவினாடி ஆகுமென்றால், அதே ஆயிரத்தில் ஒன்றுக்கு நிரல் 101 மடங்கு மெதுவாகும். வேகக் குறைவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாதென்றால் பத்து லட்சம் தொடுதலுக்கு ஒரு ஃபால்ட்டுதான் வரலாம். நிரல்கள் சில பக்கங்களையே திரும்பத் திரும்பத் தொடுவதால் மட்டுமே இந்த ஏற்பாடு கட்டுப்படியாகிறது.

இந்த வட்டாரத்து மாணவர்களுக்குத் தேவைக்கேற்பப் பக்கம் கொண்டுவருவதை விளக்க ஒரகடத்து வாகன ஆலைகளே உதவும். அசெம்பிளி லைன் ஓரத்து ரேக்கில் அடுத்து வேண்டிய உதிரிபாகம் மட்டும் இருக்கும், மீதி ஸ்டோர்ஸில். ஆனால் ஓரிடத்தில் இரண்டும் வேறுபடுகின்றன. ஆலையில் என்ன வேண்டும் என்று முன்கூட்டியே திட்டம் இருக்கும். லைன் நிற்கக் கூடாது. மெய்நிகர் நினைவகத்தில் யாரும் முன்பதிவு செய்வதில்லை. ரேக் காலியாகவே வேலை தொடங்குகிறது. கை நீட்டிய பிறகுதான் பொருள் வருகிறது.

அதை உங்கள் கணினியிலேயே பார்க்கலாம். இந்தச் சிறு நிரல் 1 ஜிபி கேட்டு வாங்கி, 4096 பைட்டுக்கு ஒரு பைட் வீதம் தொடுகிறது:

```c
#include <stdlib.h>

int main(void)
{
    size_t n = 1UL << 30;
    volatile char *p = malloc(n);
    if (!p) return 1;
    for (size_t i = 0; i < n; i += 4096)
        p[i] = 1;
    return 0;
}
```

```
gcc -o touch1g touch1g.c
/usr/bin/time -v ./touch1g
```

வெளியீட்டில் `Minor (reclaiming a frame) page faults` என்ற வரியைப் பாருங்கள். பக்க அளவு 4096 பைட் என்றால் 1 ஜிபியில் 2,62,144 பக்கங்கள். எண் அதற்குச் சற்று மேலே இருக்கும். `for` சுற்றை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் அந்த எண் மிகச் சிறியதாகச் சுருங்கிவிடும். `malloc` வெற்றி பெற்றது, ஆனால் ஃபிரேம்கள் ஏறக்குறைய எதுவும் கைமாறவில்லை என்பது அப்போது புரியும். இங்கே டிஸ்க் தேவைப்படவில்லை. கெர்னல் பூச்சியங்களால் நிரப்பிய புதிய ஃபிரேமைக் கொடுத்துவிட்டது. அதனால்தான் இவை `Minor` கணக்கில் வருகின்றன. டிஸ்க் வரை போனவை `Major` வரியில் இருக்கும்.

சில மாணவர்களுக்கு 2,62,144-க்குப் பதிலாக மிகச் சிறிய எண் வரும். தவறு எதுவும் செய்யவில்லை. அவர்கள் கணினியில் கெர்னல் 2 எம்பி அளவுள்ள பெரிய பக்கங்களைத் தானாகவே கொடுத்திருக்கிறது. 1 ஜிபிக்கு அவை 512. `/sys/kernel/mm/transparent_hugepage/enabled` கோப்பைத் திறந்தால் `[always]` என்று அடைப்புக்குறி இட்டிருப்பது தெரியும்.

குட்டிக் கணினியிலிருந்து உண்மைச் செயலிக்குப் போவோம். நமக்கு அருகிலேயே ஒன்று இருக்கிறது: ஐஐடி மெட்ராஸில் வடிவமைக்கப்பட்ட சக்தி செயலிக் குடும்பம். அதில் ஒரு சில்லு 2018-இல் சண்டிகரின் செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாரானது. அந்தக் குடும்பத்தின் சி-வகுப்புச் செயலி லினக்ஸை ஓட்டக்கூடியது. ரிஸ்க்-ஃபைவ் வரையறையில் எஸ்வி39 எனப்படும் முறையில் பக்கங்களைக் கையாள்கிறது. 39 என்பது மெய்நிகர் முகவரியின் பிட் எண்ணிக்கை. பக்கம் 4096 பைட், ஆகவே கடைசி 12 பிட் பக்கத்துக்குள் இருக்கும் இடம். மீதி 27 பிட் பக்க எண்.

நம் 8 வரிசை அட்டவணையை அப்படியே நீட்டினால் என்ன ஆகும்? 27 பிட்டுக்கு 13 கோடியே 42 லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள். வரிசைக்கு 8 பைட் என்றால் அட்டவணை மட்டும் 1 ஜிபி, அதுவும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒன்று. நம் அட்டவணையில் 4, 5, 6 பக்கங்களின் வரிசைகள் வீணாகக் கிடந்ததை நினைத்துப் பாருங்கள். உண்மை நிரலில் அப்படி வீணாகக் கிடக்கும் வரிசைகளே ஏறக்குறைய எல்லாமும்.

எனவே 27 பிட்டை 9, 9, 9 என மூன்றாகப் பிரித்து அட்டவணையை மூன்று அடுக்காக்குகிறார்கள். முதல் 9 பிட், மேல் அட்டவணையின் 512 வரிசைகளில் ஒன்றைக் காட்டும். அந்த வரிசை அடுத்த அட்டவணை எங்கே என்று சொல்லும். இரண்டாவது 9 பிட் அதில் ஒரு வரிசையைக் காட்டும், மூன்றாவது 9 பிட்டில் ஃபிரேம் எண் கிடைக்கும். ஒவ்வொரு அட்டவணையும் 512 × 8, அதாவது சரியாக 4096 பைட். அதுவே ஒரு பக்கம். அட்டவணையை வைக்கவும் அதே அளவு ஃபிரேம் போதும் என்பது இந்த வடிவமைப்பின் அழகு. கீழே கொஞ்சம் கட்டளையும் தரவும், உச்சியில் கொஞ்சம் ஸ்டாக்கும் உள்ள சிறு நிரலுக்கு மேல் அடுக்கில் 1, நடுவில் 2, கீழே 2 என 5 அட்டவணைகள், 20 கேபி போதும்.

இதற்கு விலை உண்டு. ஒரு முகவரியை மாற்ற மூன்று முறை நினைவகத்தைப் படித்த பிறகுதான் கேட்ட தரவைத் தொட முடியும். ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்தால் கட்டுப்படியாகாது என்பதால், அண்மையில் கண்டுபிடித்த பக்க–ஃபிரேம் இணைகளைச் செயலி டிஎல்பி என்ற சிறிய, மிக வேகமான இடத்தில் வைத்துக்கொள்கிறது. இங்கே கெர்னல் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பேஜ் டேபிளை மாற்றினால் டிஎல்பி தானாக மாறாது. நம் எடுத்துக்காட்டில் பக்கம் 2-ஐ வெளியேற்றியபோது, டிஎல்பியில் ‘பக்கம் 2 இருப்பது ஃபிரேம் 1’ என்ற பழைய செய்தி தங்கிவிட்டால், நிரல் அடுத்து 42-இல் எழுதும்போது அது 26-ஆம் பைட்டுக்கே போகும். அங்கே இப்போது இருப்பது பக்கம் 3. அதன் 58-ஆம் முகவரி கெட்டுவிடும். எந்த ஃபால்ட்டும் வராது, எந்தச் செய்தியும் வராது. ரிஸ்க்-ஃபைவில் இதைத் தடுக்க `sfence.vma` என்ற கட்டளை இருக்கிறது; ‘உள்ளதா’ பிட்டை 0 ஆக்கியதும், டிஸ்கில் எழுதத் தொடங்கும் முன், அது ஓடியாக வேண்டும். தொடர்பில்லாத மாறி ஒன்று காரணமின்றி மாறுகிறது, கணினியை மெதுவாக்கி ஓட்டினால் பிழை மறைகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இந்த ஏற்பாடு பொருந்தாத இடமும் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. ஓர் இயந்திரக் கையை மில்லிவினாடிக்கு ஒருமுறை கட்டளையிட்டு நகர்த்தும் நிரல், நடுவில் ஒரு பக்கத்துக்காக டிஸ்க் வரை போய்வந்தால் பத்து சுற்றுகளைத் தவறவிடும். சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. அங்கே மோசமான ஒரு தடவைதான் கணக்கு. அதனால் சிறிய கட்டுப்பாட்டுப் பலகைகளில் உள்ள மைக்ரோகண்ட்ரோலர்களில் பெரும்பாலும் முகவரி மாற்றமே கிடையாது. சக்தியின் இ-வகுப்பும் அத்தகைய வேலைக்கானது. லினக்ஸிலேயே அப்படிப்பட்ட நிரலை ஓட்ட வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே இதை அழைத்துவிடுவார்கள்:

```c
mlockall(MCL_CURRENT | MCL_FUTURE);
```

இப்போதுள்ள பக்கங்களும் இனி வரும் பக்கங்களும் நினைவகத்திலேயே பூட்டப்படும். யாரும் வெளியேற்ற முடியாது. அதன் பிறகு `malloc`-இல் 1 ஜிபி கேட்டால் அந்த 1 ஜிபியும் அப்போதே உண்மையில் எடுத்துக்கொள்ளப்படும்.

நம் அட்டவணைக்கே திரும்பி இன்னொரு அடி நடந்து பாருங்கள். 12 முடிந்ததும் அடுத்த கட்டளை 16-இல். அது பக்கம் 1, உள்ளே இல்லை. கடைசியாகத் தொட்ட வரிசை 7, 0, 3. எனவே போக வேண்டியது பக்கம் 7. அது மாறியிருப்பதால் டிஸ்கில் எழுத வேண்டும். பக்கம் 1 ஃபிரேம் 3-க்கு வரும், 16-ஆம் முகவரி 48 ஆகும். மாறாத பக்கம் 0-ஐத் தள்ளியிருந்தால் டிஸ்கில் எழுதும் வேலை மிச்சம்; கட்டளை பக்கம் 1-க்கு நகர்ந்துவிட்டதால் அது நல்ல தேர்வாகவும் இருந்திருக்கலாம். உண்மைக் கெர்னல்கள் ‘எப்போது தொட்டது’ என்பதோடு ‘மாறியதா’ என்பதையும் சேர்த்தே எடை போடுகின்றன.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பேஜ் டேபிளைக் கொடுத்து உண்மை முகவரியைக் கேட்கும் கேள்வி இருக்கட்டும். அதனுடன், ‘உள்ளதா’ 0 ஆக இருக்கும் ஒரு முகவரியையும் கொடுத்து, ஃபால்ட் தீர்ந்த பிறகு அட்டவணை எப்படி இருக்கும், நிரல் எந்தக் கட்டளையிலிருந்து தொடரும் என்று கேளுங்கள்.